எஜெக்டிவ், இம்ப்ளோசிவ், கிளிக் மெய்கள் எப்படி உண்டாகின்றன? வீடியோ பார்த்தும் பிடிபடவில்லை.

வீடியோவில் வாயைத்தான் காட்டுவார்கள், சங்கதி தொண்டையில் இருக்கிறது. நீங்கள் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். நான் மொழியியல்காரன் இல்லை, எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஆனால் அங்கே அம்ஹாரிக் மொழியில் வணக்கம் சொல்லவே எஜெக்டிவ் வேண்டும். 'டேனா இஸ்டிலிஞ்' என்பதில் இரண்டு ட-வும் அந்த ரகம். அந்த ஊர்த் தோசையான இன்ஜெரா சுடும் டெஃப் தானியத்தின் முதல் எழுத்தும் அதுதான்.

எங்களோடு வந்தவர்கள் பலர் அந்த இடத்தில் இந்திக்காரர் மாதிரி மூச்சை ஊதுவார்கள். ஆங்கிலத் துறை நண்பர் ஒருவர், "முதலில் மூச்சை நிறுத்துங்கள்" என்றார். பாரம் தூக்கும்போது தொண்டை அடைபடுமே, அந்த அடைப்பு. அதை விடாமல் நாக்கு நுனியை ட-வுக்கு வைக்க வேண்டும். நாக்குக்கும் குரல்வளைக்கும் நடுவில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். குரல்வளையை மேலே தூக்கினால் அது இறுகும், நாக்கை எடுத்ததும் வெளியே தெறிக்கும். தொண்டை அடைப்பு அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். முந்திக்கொண்டால் நம்மூர் ட-தான் வரும்.

இதில் நுரையீரலுக்கு வேலையே இல்லை. மூச்சை அடக்கியபடியே நாலைந்து முறை சொல்ல வருகிறதா என்று பாருங்கள். குரல்வளை மேட்டில் விரல் வைத்தால் அது ஏறுவதும் தெரியும்.

இம்ப்ளோசிவில் அதே குரல்வளை கீழே இறங்கும். சிந்தியில் இப்படி நான்கு மெய்கள் உண்டு. 'காற்றை உறிஞ்ச வேண்டும்' என்று எழுதிவிடுகிறார்கள், அது பாதிதான் சரி. குரல்நாண்கள் அதிர்ந்துகொண்டே இறங்குவதால் நுரையீரல் காற்றும் கீழிருந்து கசிந்து வரும். அதனால் உள்ளே போகும் காற்று பெரும்பாலும் சொல்லும்படி இருக்காது. இதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், சிந்தி எனக்குப் பேச வராது.

கிளிக் உங்களுக்கு ஏற்கெனவே வரும். உச்சுக் கொட்டுங்கள். தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் அது சொல்லுக்குள் வரும் மெய், 'சி' என்ற ரோமன் எழுத்தால் எழுதுகிறார்கள். நாக்கின் பின்பகுதி க-வுக்கு ஒட்டுவதுபோல அண்ணத்தில் ஒட்டியிருக்கும், நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும். நடு நாக்கு இறங்கும்போது இடையிலுள்ள காற்றின் அழுத்தம் குறையும், நுனி விலகியதும் வெளிக்காற்று உள்ளே பாயும். தொண்டைக்கு இதில் பங்கில்லை. சந்தேகமென்றால் 'ம்ம்ம்' என்று மூக்கால் முனகிக்கொண்டே உச்சுக் கொட்டுங்கள், தடையில்லாமல் வரும். அதே முனகலோடு எஜெக்டிவ் ட-வைச் சொல்லப் பாருங்கள். தொண்டையை அடைத்த கணமே முனகல் நின்றுவிடும்.