சால்மன் மீன்: ஓவனில் எத்தனை நிமிடம்?

“சால்மன் துண்டுகளுக்கு மசாலா தடவி 180 டிகிரியில் 25 நிமிடம் வைக்கிறேன். மேலே வெள்ளையாக ஏதோ பொங்கி வழிகிறது. சாப்பிட்டால் வறவறவென்று இருக்கிறது, வால் பக்கத் துண்டு கருவாடு போல ஆகிவிடுகிறது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்? வெந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?”

ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு நன்றாகச் சூடாக்கிவிட்டு மீனை உள்ளே வையுங்கள். நிமிடக் கணக்கை மீனின் எடையை வைத்துப் போடாதீர்கள். துண்டின் தடிமன்தான் கணக்கு. கால் கிலோவோ ஒரு கிலோவோ, தடிமன் ஒன்றாக இருந்தால் வேகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். துண்டின் மிகத் தடித்த இடத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஒரு அங்குலம் இருந்தால் 10 முதல் 12 நிமிடம். ஒன்றரை சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 நிமிடம் போதும். நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள நடுத்துண்டு என்றால் 15 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்த மீனுக்கான கணக்கு. ஃபாயிலில் பொட்டலம் கட்டி வைத்தால் கூடுதலாக நான்கைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மீனில் பொங்கும் அந்த வெள்ளை, கெட்டுப்போனதன் அடையாளமில்லை. சூட்டில் சதை நார்கள் சுருங்கும்போது உள்ளே இருக்கும் புரதச் சாறு வெளியே பிதுங்கி, அங்கேயே உறைந்துவிடுகிறது. கொஞ்சம் எட்டிப் பார்ப்பது சகஜம். கட்டி கட்டியாக வழிந்தால் மீன் அளவுக்கு மீறி வெந்துவிட்டது என்று பொருள். இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, மீனைப் பத்து நிமிடம் அதில் போட்டு எடுங்கள். துணியால் ஈரம் போக ஒற்றிவிட்டு மசாலா தடவுங்கள். அந்த மசாலாவில் உப்பு வேண்டாம்.

வால் துண்டை நடுத்துண்டோடு ஒரே நேரத்தில் வைப்பதுதான் அது காய்வதற்குக் காரணம். நடுத்துண்டு மூன்று சென்டிமீட்டர், வால் துண்டு ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தோல் கீழே இருக்கும்படி நடுத்துண்டை முதலில் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வால் துண்டை அதே தட்டில் சேருங்கள். அடுத்த ஏழாவது நிமிடத்தில் இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம். முழு நீளத் துண்டாக இருந்தால் வால் நுனியை அடிப்பக்கமாக மடித்துவிட்டால் தடிமன் சமமாகிவிடும்.

சோதனை என்பது முள்கரண்டி வேலை. கணக்குப் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே தட்டை வெளியே எடுங்கள். துண்டின் தடித்த இடத்தில் முள்கரண்டியைச் சாய்வாக, பாதி ஆழம்வரை இறக்கி, மெதுவாக ஒரு கால் சுற்று திருப்புங்கள். மீன் சதை அடுக்கடுக்காக அமைந்தது. அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு இருக்கிறது. அது சூட்டில் இளகியதும் அடுக்குகள் வாழைப்பூ மடல்போலத் தனித்தனியாக விலகும். வேகாத மீன் கரண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரியாது, உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும். பதமாக வெந்தது லேசாக விலகும். வெளிப்பக்கம் வெளிறிய இளஞ்சிவப்பாகவும், நட்ட நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரப் பளபளப்போடும் இருக்கும். அந்த நிலையில் எடுத்து மூன்று நிமிடம் அப்படியே விட்டால், மிச்சச் சூட்டிலேயே நடுப்பகுதியும் வெந்துவிடும். தொட்டதுமே உதிர்ந்து, சாறில்லாமல் நாராகப் பிரிந்தால் நேரம் கடந்துவிட்டது. மஞ்சளும் மிளகாயும் பூசிய மீனில் மேல்நிறத்தை நம்பவே முடியாது. எலுமிச்சைச் சாற்றில் ஊறியதும் அப்படித்தான், வேகாமலேயே மேலே வெளுத்துவிடும். உள்ளே பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வெப்பமானி இருந்தால் தடித்த இடத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். பல சமையல்காரர்கள் 52 முதல் 55 டிகிரியிலேயே சால்மனை எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி 63 டிகிரி. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் 63 வரை விடுங்கள், நடுவில் பளபளப்பு துளியும் இருக்கக் கூடாது. சால்மனில் கொழுப்பு அதிகம் என்பதால் 63-லும் ஓரளவு மிருதுவாகவே இருக்கும். பண்ணையில் வளர்க்காத, சாக்கை வகை சால்மன் இதற்கு விதிவிலக்கு. அதில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டுவிடும். மேலே சொன்னதைவிட இன்னும் இரண்டு நிமிடம் முன்னதாகவே சோதித்துப் பாருங்கள்.

அயிலையை முள் நீக்கிப் பிளந்து வைத்தால் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர்தான் வரும், அதே 200 டிகிரியில் ஆறாவது நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள். வஞ்சிரத் துண்டில் நடுவே முள் இருப்பதால் முள்கரண்டியை அதை ஒட்டி இறக்க வேண்டும். சதை முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள். சுத்தமாகக் கழன்று வந்தால் எடுத்துவிடலாம்.