ஓனரின் பதிலில் 'தம்பி' காணோம்

"கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று ஓனரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். எப்போதும் 'சரி தம்பி' என்பவர், 'நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். சாவி தரும்போது பேசிக்கொள்ளலாம்.' என்கிறார். கோபமா? என்ன பதில் போடுவது?"

அவர் பதிலில் முற்றுப்புள்ளி இருப்பதை மட்டும் பார்த்து கோபம் என்று முடிவு செய்யாதீர்கள். அவருடைய பழைய மெசேஜ் பத்தைப் பாருங்கள். அவற்றிலும் புள்ளி இருந்தால் அது வெறும் பழக்கம். 'தம்பி' போய் 'நீங்கள்' வந்ததுதான் கவனிக்க வேண்டியது. நம் ஊரில் மரியாதை திடீரென்று கூடினால் ஆள் கொஞ்சம் தள்ளி நிற்கிறார் என்று அர்த்தம். (மகளோ மகனோ டைப் செய்து கொடுத்திருந்தாலும் இப்படி வரும்.)

ஆனால் அவர் 'முடியாது' என்று சொல்லவில்லை. சாவி தரும் நாளுக்குத் தள்ளியிருக்கிறார். அன்றுதான் சுவர், குழாய், கரண்ட் பில் எல்லாம் பார்ப்பார்கள். அட்வான்ஸ் முன்பே கரைந்துவிட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காதே என்ற பயம்தான் எனக்குத் தெரிகிறது. 'கோபமா சார்?' என்று கேட்காதீர்கள், அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்:

"சரி சார். இந்த மாத வாடகையை வழக்கம்போல் போட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்க்கிறீர்களா? பெயின்ட், பில் கணக்கு பேசிவிட்டு, கடைசி மாதத்தை மட்டும் கழிக்கலாமா என்று சொல்லுங்கள்."

இதற்கும் 'பார்க்கலாம்' என்றே வந்தால், மெசேஜை விட்டுவிட்டு நேரில் போங்கள்.