எந்த எரிச்சல்?

கேள்வி: எனக்கு வயது 47. ஆறு மாதமாக ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பகலில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், பையன் பன்னிரண்டாம் வகுப்பு, எனக்கு தினமும் சி.எஸ்.எம்.டி. வரை லோக்கல். இது ஹார்மோனா, டென்ஷனா? ஹார்மோன் டெஸ்ட் பேக்கேஜ் எடுத்தால் தெரிந்துவிடுமா?
வாசகி, செம்பூர், மும்பை

பதில்: 'எரிந்து விழுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். தமிழில் வயிற்றில் எரிச்சல், கண்ணில் எரிச்சல், ஒருவர் பேச்சைக் கேட்டால் எரிச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். உடம்பு காந்துவதும் மனசு காந்துவதும் நம் மொழியில் ஒரே அடுப்பு. மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் வேறு எந்த மொழியிலாவது இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

மும்பையில் டாக்டர் அறைக்குள் போய் ஹிந்தியில் பேச ஆரம்பித்ததும் அந்தச் சொல் இரண்டாக உடைகிறது. மனசின் எரிச்சலை 'சிட்சிடாபன்' என்று சொன்னால் டாக்டர் டென்ஷன் என்று எழுதிக்கொள்கிறார். உடம்பின் எரிச்சலை 'ஜலன்' என்றால் அசிடிட்டி மாத்திரை வருகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாததால் பாதிப் பெண்தான் அந்தச் சீட்டில் ஏறுகிறாள். அதனால் சொல்லைத் தேடாமல் நடப்பதை நடந்த வரிசையில் சொல்லுங்கள்: 'அசானக் கர்மி சட்தி ஹை, பசீனா ஆதா ஹை, ஃபிர் டண்ட் லக்தி ஹை, நீந்த் டூட் ஜாதி ஹை.' திடீரென்று சூடு ஏறுகிறது, வியர்க்கிறது, பிறகு குளிர்கிறது, தூக்கம் கலைகிறது. உங்களுக்கு அப்படி நடக்கிறதா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்று ராத்திரி மூன்று மணிக்கு விழித்ததும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதலில் வந்தது சூடா, நினைப்பா? ஹார்மோன் சூடு நெஞ்சிலோ கழுத்திலோ கிளம்பி முகத்துக்கு ஏறும். பின்கழுத்தும் மார்பும் நனையும், போர்வையை உதைத்துத் தள்ளுவீர்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் அது இறங்கிவிடும். பிறகு லேசாகக் குளிரெடுத்து, உதைத்த போர்வையையே இழுத்துக்கொள்வீர்கள். அதற்கப்புறம்தான் பையனின் ஃபீஸும் மாமியாரின் பிசியோதெரபியும் ஞாபகத்துக்கு வந்து வரிசையாக நிற்கும். கவலையில் விழிப்பவருக்கு வரிசை தலைகீழ். நினைப்பு முதலில் வரும், நெஞ்சு படபடக்கும். வியர்த்தாலும் உள்ளங்கை, பாதம், அக்குள்தான் அதிகம் நனையும். மும்பை அக்டோபரில் யாருக்குத்தான் வியர்க்காது என்று கேட்பீர்கள். புழுக்கம் ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும், பக்கத்தில் படுத்திருப்பவரையும் விடாது. இது உங்களுக்கு மட்டும் வரும், ஏறும், இறங்கிப் போய்விடும்.

இந்த வயதில் சினைப்பைகள் மாதம் தவறாமல் வேலை செய்வதில்லை. ஒரு மாதம் முட்டை வரும், ஒரு மாதம் வராது. வராத மாதத்தில் மூளையை அமைதிப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் சரியாகச் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் சில வாரம் இளவயதைவிட அதிகமாகக்கூட ஏறி, அப்புறம் சடாரென்று சரியும். அளவு குறைவதைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் மனநிலையை அதிகம் ஆட்டுகிறது. மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் இடமும் இதில் தடுமாறுகிறது. முன்பெல்லாம் உடம்பு கண்டுகொள்ளாத மிகச் சிறிய சூட்டுக்கே இப்போது வியர்வையைத் திறந்துவிடுகிறது.

பேக்கேஜுக்குப் பதிலும் இதுதான். லிஃப்ட்டில் ஒட்டியிருக்கும் அந்த விளம்பரங்களோடு இந்தப் பக்கம் வெகுநாளாகச் சண்டை போடுகிறது. அதில் அளக்கும் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடயால் என்ற ஹார்மோன்கள் இரண்டும் இந்தப் பருவத்தில் வாரத்துக்கு வாரம் குதிக்கும். இன்று 'நார்மல்' என்று வந்ததால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகாது, அடுத்த மாதம் அதிகமாக வந்ததால் எல்லாம் முடிந்தது என்றும் ஆகாது. 45 வயதைத் தாண்டி இந்த அறிகுறிகள் உள்ளவருக்கு மெனோபாஸைக் கண்டறிய எஃப்.எஸ்.எச். பார்க்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டி 2015லேயே சொல்லிவிட்டது. 40க்குக் கீழே மாதவிடாய் தடுமாறினால் கட்டாயம் பார்க்க வேண்டும், அது தனிக் கதை.

அந்தக் காசில் மாதம் முழுவதும் ஒரே தாளில் இருக்கும் காலண்டர் ஒன்று வாங்குங்கள். சாமி படம் போட்ட தினசரி காலண்டர் வேண்டாம். காலையில் தாளைக் கிழித்தால் ராகுகாலத்தோடு நேற்றைய ராத்திரியும் குப்பைக்குப் போய்விடும். பால் கணக்கு எழுதுகிற மாத காலண்டர்தான் வசதி. தாராவியானாலும் முலுண்டானாலும் நம் வீட்டுப் பெண்கள் பால்காரர் வராத நாளுக்குக் கட்டத்தில் குறி போட்டு, மாதக் கடைசியில் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்குத் தீர்த்தவர்கள். அதே கை, அதே கட்டம். மாதவிடாய் தொடங்கிய நாளுக்கு ஒரு வட்டம். ராத்திரி சூட்டில் விழித்தால் 'சூ', நினைப்பில் விழித்தால் 'நி', மாமியார் கூப்பிட்டு எழுந்தால் 'மா', எத்தனை முறையோ அத்தனை தடவை. பகல் எரிச்சலுக்கு 0 முதல் 3 வரை ஒரு எண். படுக்கப் போகும்போது அரை நிமிட வேலை. எட்டு வாரம் விடாமல் எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து மொத்தமாக எழுதினால் மோசமான நாள் மட்டும்தான் நினைவில் நிற்கும், கணக்கு தப்பாகிவிடும்.

இனி படிக்கும் விதம். எட்டு வாரத்துக்கு அப்புறமும் விடாமல் குறித்துவந்த ஒருவருக்கு வட்டங்கள் ஜனவரி 6, பிப்ரவரி 2, மார்ச் 7, மார்ச் 29, மே 8 என்று விழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 27, 33, 22, 40 நாள். 33க்கும் 22க்கும் 11 நாள் வித்தியாசம், 22க்கும் 40க்கும் 18. அடுத்தடுத்த சுழற்சிகளில் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 60 நாள் வராமலே இருந்தால் கடைசிக் கட்டம். ஆனால் உடம்பு அந்தப் பருவத்தில் இருக்கிறது என்பது வேறு, இந்த எரிச்சலுக்குக் காரணம் அதுதான் என்பது வேறு. அதற்கு 3 போட்ட நாட்களை எடுத்து முந்தைய ராத்திரியைப் பாருங்கள். எட்டு வாரத்தில் 14 நாள் 3 இருக்கிறது, அதில் 9 நாளுக்கு முந்தைய ராத்திரி இரண்டு மூன்று 'சூ' என்றால் எரிச்சல் சூட்டின் வழியாக, கலைந்த தூக்கத்தின் வழியாக வருகிறது. 3 எல்லாம் வட்டத்துக்கு முந்தைய வாரத்தில் குவிந்தால், தூக்கம் நன்றாக இருந்தாலும், அது ஹார்மோன் ஆட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை 3, சனி ஞாயிறு 0 என்றால் அது லோக்கலும் ஆபீஸும். ஹார்மோனுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

பெரும்பாலான வீடுகளில் 'சூ'வும் 'மா'வும் கலந்தே வரும். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி மாமியாரின் பொறுப்பை உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். பெயருக்கு எடுத்துக்கொண்டால் போதாது. அவர் அந்த அறையில் படுக்க வேண்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில். ஒற்றை அறை வீடென்றால் மாமியார் கட்டிலை ஒட்டி அவர், சுவரோரம் நீங்கள். விடியற்காலைத் தண்ணீர் பிடிப்பதும் அன்று அவர்தான். உங்கள் விடுப்பு ராத்திரிகளில் விழிப்பு நின்றுபோனால் உங்களுக்கு வேண்டியது மாத்திரை இல்லை, வீட்டில் வேலைப் பங்கீடு. விடுப்பு ராத்திரியிலும் அதே மூன்று மணிக்கு பின்கழுத்து நனைந்தால் வீட்டில் யாரும் 'எல்லாம் டென்ஷன்' என்று சொல்ல முடியாது. 'அந்த வயசில் அப்படித்தான்' என்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அந்த ஒரு வாக்கியத்தால் சிகிச்சை உள்ள கஷ்டத்தை வருடக்கணக்கில் சுமந்த பெண்கள் ஏராளம்.

டாக்டரிடம் போகும்போது காலண்டரையே எடுத்துப்போங்கள். ரத்தத்தில் பார்க்க வேண்டியவை தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சர்க்கரை; சைவமானால் பி12. தைராய்டு அதிகமானாலும் சூடு, வியர்வை, படபடப்பு, எரிச்சல் எல்லாம் அச்சு அசலாக இப்படியே வரும். இந்த வயதில் பலருக்கு உதிரம் அதிகமாகப் போகும். அதில் இரும்புச்சத்து கரைந்தாலும் களைப்பும் படபடப்பும்தான். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவரானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது ரத்தத்தில் இருந்தால் இல்லாத தைராய்டு கோளாறை ரிப்போர்ட்டில் காட்டிவிடும்.

'சூ' அதிகமானால் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பார்த்து உலகமே பயந்து ஒதுங்கியது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவருக்குக் கணக்கே வேறு. மார்பகப் புற்றுநோய் வந்தவர், ரத்தக்கட்டு வந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாமல் உதிரம் போகிறவர் ஆகியோருக்கு இது பொதுவாகக் கிடையாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. கர்ப்பப்பை இருக்கிறவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோன் சேர வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிக்கும். 'நி' அதிகமானால் தூக்கத்துக்கான சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை மாத்திரையைவிட நிலையான பலன் தரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல் மனசு இருண்டே கிடந்தால் காலண்டர் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றே 14416ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

இன்னொன்று. பக்கத்து ஃப்ளாட் மாமி 'பாதி போட்டுக்கோ, நல்லா தூங்குவே' என்று அல்பிரசோலம் பட்டையை நீட்டினால் வாங்காதீர்கள். சில வாரத்தில் உடம்பு அதற்குப் பழகிவிடும். அப்புறம் விடப் பார்த்தால் மூன்று மணி விழிப்பும் எரிச்சலும் முன்னைவிடப் பலமாகத் திரும்பும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். சாப்பிட்ட ராத்திரிகளுக்குக் காலண்டரில் 'மாத்' என்று எழுதிவையுங்கள், அந்தக் கட்டங்களை டாக்டர் தனியாகத்தான் படிக்க வேண்டும்.