டிவியில் வரும் குறியீட்டுக்குக் கட்டணம் கிடையாது

"புது ஸ்மார்ட் டிவி வாங்கினோம். யூடியூபைத் திறந்தால் ஒரு கோட் நம்பர் காட்டி, போனில் போடச் சொல்கிறது. கூகுளில் தேடிக் கிடைத்த நம்பருக்குப் பேசினேன். ஆக்டிவேஷன் சார்ஜ் 499 ரூபாய் கட்டி, கோட் நம்பரையும் சொல்லுங்கள் என்கிறார்கள். கட்டலாமா?"
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

கட்டாதீர்கள், குறியீட்டையும் சொல்லாதீர்கள். டிவியில் யூடியூப் கணக்கைத் திறக்க யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். நீங்கள் பேசிய ஆள் யூடியூபும் இல்லை, டிவி கம்பெனியும் இல்லை.

வேலை இவ்வளவுதான். டிவியில் குறியீடு தெரியும்போது அதை அப்படியே விட்டுவிடுங்கள். போனில் குரோமைத் திறந்து, மேலே உள்ள கட்டத்தில் youtube.com/activate என்று, நடுவில் இடைவெளி விடாமல், புள்ளியும் சாய்கோடும் விட்டுப்போகாமல் அடியுங்கள். 'யூடியூப் ஆக்டிவேட்' என்று பேச்சுவழக்கில் அடித்தால் அது தேடலாகிவிடும். போலி நம்பர்கள் காத்திருப்பது அந்தத் தேடல் பக்கத்தில்தான், பல நேரம் விளம்பரமாக முதல் வரிசையிலேயே நிற்கும். இத்தனை பெரிய கம்பெனிகளுக்கு அதைத் தடுக்க முடியவில்லையாம்! நம் ஊர்க்காரர் ஒருவர் சந்தேகம் கேட்க ஒரு தமிழ் ஆளைப் போனில் பிடிக்கவும் வழியில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

சரி, பக்கம் திறந்ததும் டிவியில் உள்ள எழுத்துகளைப் பார்த்து அடியுங்கள். அப்புறம் எந்த ஜிமெயில் கணக்கு என்று கேட்கும். இங்கே மட்டும் நிதானம். போனில் உங்கள் கணக்கும் பையன் கணக்கும் இரண்டும் இருக்கலாம். எதைத் தொடுகிறீர்களோ அதுதான் டிவிக்குப் போகும். அனுமதி கொடுத்ததும் ரிமோட்டைத் தொட வேண்டாம். 'அனுமதி வந்துவிட்டதா' என்று டிவியே சில விநாடிக்கு ஒரு தடவை கூகுளிடம் கேட்டுக்கொண்டிருக்கும். வந்ததும் திரை தானாக மாறும். பொறுமையில்லாமல் பின்னால் போய் மறுபடி வந்தால் புதுக் குறியீடு வந்துவிடும், போனில் அடித்த பழையது செல்லாது. ரொம்ப நேரம் விட்டாலும் காலாவதியாகும். 'குறியீடு தவறு' என்று வந்தால் பதறாதீர்கள், திரையில் இப்போது எது இருக்கிறது என்று பார்த்து அதை அடியுங்கள்.

போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டுமா என்று பலர் குழம்புகிறார்கள். குறியீடு அடிக்கும் முறையில் வேண்டாம். டிவி வைஃபையிலும் போன் ஏர்டெல், ஜியோ டேட்டாவிலும் இருக்கலாம். கணவர் ஓசூர் கம்பெனியில் இருந்தாலும், நீங்கள் குறியீட்டைச் சொன்னால் அவர் அங்கிருந்தே அடிக்கலாம், டிவி இங்கே திறக்கும். ஆனால் அதே திரையில் 'போனை வைத்து உள்நுழைக' என்று இன்னொரு வழி காட்டும் டிவிகள் உண்டு. அதில் குறியீடு கிடையாது, போன் டிவியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மட்டும் ஒரே வைஃபை வேண்டும். 'டிவி தெரியவில்லை' என்று போன் சொன்னால் நீங்கள் நிற்பது இந்த இரண்டாவது வழியில். திரும்பி வந்து குறியீட்டு வழிக்குப் போங்கள்.

இப்போது அந்த 499 ரூபாய் ஆள். ஓடிபி என்றால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று நமக்குப் பழகிவிட்டது. இந்தக் குறியீட்டில் ஆபத்து தலைகீழாக இருக்கிறது. உங்கள் டிவி குறியீட்டை அவரிடம் சொன்னால், அவர் தன் கணக்கில் அடிப்பார். உங்கள் டிவி அவர் கணக்கில் ஓடும். நீங்கள் பார்ப்பதெல்லாம் அவர் கணக்கில் பதிவாகும், நாளைக்கு அவர் துண்டித்துவிட்டு மறுபடி காசு கேட்கலாம். இது சின்ன திருட்டு. பெரியது, அவர் ஒரு குறியீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இதை உங்கள் போனில் அடித்து ஓகே கொடுங்கள்' என்பது. அது அவர் கையில் உள்ள கருவியின் குறியீடு. நீங்கள் அடித்த நிமிடம் உங்கள் கணக்கு அங்கே திறந்துவிடும். பாஸ்வேர்டும் கேட்க மாட்டார், ஓடிபியும் கேட்க மாட்டார். கேட்காததாலேயே நல்லவர் என்று நம்பிவிடுவீர்கள். உங்கள் வீட்டு டிவி திரையில் தெரியாத எந்தக் குறியீட்டையும் அடிக்காதீர்கள்.

டிவி மாட்ட வரும் பையன்களையும் கவனியுங்கள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தன் போனிலேயே அடித்துவிட்டுப் போவார்கள். தெரியாத பெயர் டிவியில் இருந்தால் கணக்குப் படத்தை ரிமோட்டில் தேர்ந்தெடுத்து வெளியேறி, மேலே சொன்னபடி உங்கள் போனில் அடியுங்கள்.

ஏற்கெனவே யாருடைய குறியீட்டையாவது அடித்துவிட்டீர்கள் என்றால், போனில் myaccount.google.com/connections பக்கத்துக்குப் போய், YouTube on TV என்ற பெயர் இருந்தால் அதன் அனுமதியை நீக்குங்கள். உங்கள் டிவியும் சேர்ந்து வெளியேறலாம். மறுபடி ஒரு குறியீடு அடித்தால் சரி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.