அறை 18,000, பில் 52,000: ஒரு பிறந்தநாள் கணக்கு

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஜனவரி மூன்றாவது வாரம் 8 வயது பிறக்கிறது. அவள் வகுப்புத் தோழி பிறந்தநாளுக்கு ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டுக்குப் போய் வந்ததிலிருந்து இவளுக்கும் அதே ஆசை. நாள் வாடகை 9,000 ரூபாய், இரண்டு இரவு. கார்டில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். வீட்டுக்கு வரும் சம்பளம் 58,000, மாதம் 6,000 மிஞ்சும். வங்கியில் 30,000 இருக்கிறது. போகலாமா? ஏரி, காடு என்று எளிமையாகக் கூட்டிப்போனால் குழந்தை ஏமாந்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த 18,000 எங்கே போய் நிற்கும் என்று பார்த்துவிடுவோம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆக, அறை மட்டும் 21,240. குழந்தைக்குக் கூடுதல் படுக்கை நாளுக்கு 2,000 என்று வைத்தால், வரியோடு 4,720. காலை உணவு வாடகையில் சேர்த்தி என்பார்கள். மதியமும் இரவும் நம் தலையில். பெரியவருக்கு 1,500, குழந்தைக்குப் பாதி என்று நான்கு வேளைக்கு 15,000 ஆகும். இந்த வாடகை வாங்கும் விடுதிகளின் உணவகத்திலும் பெரும்பாலும் 18 சதவீத வரிதான், ஆகவே 17,700. கேக், பலூன் அலங்காரம் 4,720. போக வர கார் 3,500. கூட்டினால் 51,880. படுக்கை, சாப்பாட்டு விலைகள் என் உத்தேசம்தான், விடுதிக்கு விடுதி மாறும். ஆனால் மொத்த பில் அறை வாடகையைப் போல இரண்டரை, மூன்று மடங்காவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பயணம் ஒன்றில் 'எங்கள் அன்பளிப்பு' என்று சிரித்துக்கொண்டே கொண்டுவந்த கேக், அறையைக் காலி செய்யும்போது பில்லில் 1,400 ரூபாயாக உட்கார்ந்திருந்தது. முன்பதிவுக்கு முன், எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, நோ காஸ்ட் இஎம்ஐ. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது; அதே தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கழித்துத் தருகிறார். வட்டியின் மீதான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் உங்களுடையவை. அது சில நூறு ரூபாய்தான், அதற்காக நான் கவலைப்படவில்லை. இன்னொன்று, இந்தச் சலுகை கிடைத்தாலும் முன்பதிவுத் தொகைக்குத்தான் கிடைக்கும். அங்கே போய்ச் சாப்பிட்ட பில்லைச் சாதாரண இஎம்ஐ-யாக மாற்ற வேண்டியிருக்கும்.

என் கவலை மாதக் கணக்கில் இருக்கிறது. காரை விட்டுவிட்டு 48,000 ரூபாயை 9 மாதத் தவணையாகப் பிரித்தால், வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 5,333. 15 சதவீத வட்டி என்றால் ஏறக்குறைய 5,700. உங்களுக்கு மிஞ்சுவதோ 6,000. பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை கையில் ஒன்றும் நிற்காது. நடுவில் ஜூன் வருகிறது, பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை. அதையும் கார்டில் தேய்ப்பீர்கள். அந்த மாதம் முழு பில்லைக் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மீதிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி ஓடும். புதிதாக வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாக் கெடு போய்விடும். குடும்பங்கள் கார்டு கடனில் மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். உல்லாசச் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும், அவசியச் செலவு கடனாகிவிடும். கையில் இருக்கும் 30,000 உங்கள் செலவுக்கு மூன்று வாரம்கூடத் தாங்காது, அதையும் தொட வேண்டாம்.

சரி, ஏரிக்கே வருகிறேன். ஜனவரி என்றால் என் ஓட்டு வேடந்தாங்கலுக்கு. உங்கள் வீட்டிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்திலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்ற ஊர்மக்களின் கோரிக்கைக்கு அரசு அங்கீகாரம் கிடைத்த இடம் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊருக்குத் தெரியும்.

குழந்தை ஏமாறுமா என்பது நீங்கள் நாளை எப்படி அமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறுமனே கூட்டிப்போய்க் கரையில் நிறுத்தினால், தூரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரியும், பத்து நிமிடத்தில் 'போலாமா' என்பாள். ஆகவே பிறந்தநாள் பரிசே ஒரு பைனாகுலராக இருக்கட்டும். 8×32 என்று போட்டதைக் கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம். 10 மடங்கு வாங்கினால் சின்னக் கையில் படம் ஆடும். 3,000 ரூபாய்க்குள் கிடைப்பது போதும். ஒரு வாரம் முன்பே கொடுத்து, மொட்டை மாடியில் காக்கை, மைனாவைப் பார்த்துப் பழகச் சொல்லுங்கள். கூடவே ஒரு நோட்டு. நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், நத்தையைப் பிடிக்க வசதியாக. கரண்டிவாயனுக்குப் பெயரிலேயே அலகு இருக்கிறது. கூழைக்கடா, பாம்புத்தாரா என்று ஆறு பறவைகளை முன்னாலேயே வரைந்துகொண்டு போனால், அங்கே ஒவ்வொன்றாகத் தேடி டிக் அடிப்பாள்.

இரண்டு தோழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ரிசார்ட்டில் அது முடியாது. சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அங்கே இருந்தால், கரையில் நடந்துவிட்டுக் கண்காணிப்புக் கோபுரம் ஏறலாம். ஐந்து மணி வாக்கில் இரைதேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி மரங்களில் இறங்கும். அதற்குத்தான் இவ்வளவு தூரம் போவது. புதுச்சட்டை காலையில் கோயிலுக்கு, ஏரிக்குப் பச்சை, பழுப்பு மாதிரி மங்கல் நிறம். பலூன், பாட்டு, கேக் வெட்டுவதெல்லாம் வீட்டில். பொங்கல் விடுமுறை, முக்கியமாகக் காணும் பொங்கல் அன்று போகாதீர்கள், மனிதத் தலைதான் தெரியும்.

செலவு? ஏழு பேர் கார் 4,500, பைனாகுலர் 3,000, கேக் 900, நோட்டும் தமிழில் ஒரு பறவைப் புத்தகமும் 500, நுழைவு, டீ, வடை 600. புளியோதரை வீட்டிலிருந்து. மொத்தம் 9,500. டிசம்பர், ஜனவரி மாத மிச்சத்திலேயே முடிந்துவிடும்.

ரிசார்ட் ஆசையும் தப்பில்லை. பிப்ரவரியிலிருந்து மாதம் 2,500 ரூபாய்க்கு ஓராண்டு ஆர்டி போட்டால் 30,000-க்கு மேல் சேரும். வாரநாளில் 7,500-க்குக் கீழ் ஒரு அறை, ஒரே இரவு என்றால் அறைக்கு வரி 5 சதவீதம்தான், அந்தப் பணத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரே எச்சரிக்கை: வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி வற்றினால் பறவைகள் தங்காது. காரைப் பேசுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, தண்ணீர் எவ்வளவு, கூடு கட்டியிருக்கிறதா, அன்று திறந்திருக்குமா என்று கேட்டுவிடுங்கள்.