வக்கீல் கொடுத்த நாலு பக்கக் கடிதம்: கையெழுத்துக்கு முன் வந்த சில கேள்விகள்

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகர்: சார், எங்க தென்னந்தோப்பு வேலியை பக்கத்துத் தோப்புக்காரர் தள்ளிப் போடப் பார்க்கிறார். கேஸ் போடலாம்னு வக்கீலைப் பார்த்தோம். அவர் ஆபீசிலிருந்து நாலு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு என்கேஜ்மென்ட் லெட்டர் வந்திருக்கு. அப்பாவுக்குச் சொல்ல நான் சுருக்கி எழுதினது இது: ஒன்று, கேஸை முழுசா நடத்திக் கொடுப்பார். இரண்டு, பீஸ் 60,000. மூன்று, பிடிக்கலைன்னா 15 நாளில் நிறுத்திக்கலாம். சரியா இருக்கா?

மூன்று வரியும் பாதி சரி. நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். வக்கீல் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் முதல் பக்கத்தில் தொடங்கி, அதற்கான விதிவிலக்கு மூன்றாம் பக்கத்தில் போய்க் கிடக்கிறது, சுருக்குகிறவர் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

முதல் வரியைப் பாருங்கள். மூன்றாவது பத்தியில் 'வழக்கும் அது தொடர்பான எல்லா வேலைகளும்' என்று இருக்கிறது, நீங்கள் அதை 'முழுசா' என்று எழுதிவிட்டீர்கள். ஒன்பதாவது பத்திக்கு வாருங்கள்: அப்பீல், தீர்ப்பை நிறைவேற்றும் மனு, தாலுகா ஆபீஸ் வேலை, போலீஸ் புகார் இவை இந்தப் பீஸில் சேராது என்கிறது. வேலித் தகராறில் இந்த நாலும்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். ராமநாதபுரம் முன்சீப் கோர்ட்டில் நீங்கள் ஜெயித்தாலும், எதிராளி 30 நாளுக்குள் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். அப்படிப் போனால் அங்கே உங்களுக்காக ஆஜராகத் தனியாகப் பேசி, தனியாகப் பீஸ் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் அவர் வேலியில் கைவைத்தால் அதற்கு நிறைவேற்று மனு, அதுவும் தனி. இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஊரில் எல்லா வக்கீலும் அப்படித்தான் கட்டணம் சொல்வார்கள். அப்பாவுக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'வக்காலத்து அப்பீலுக்கும் செல்லும்னு சொல்றாங்களே' என்று சிலர் கேட்பார்கள். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 3 ரூல் 4 அப்பீலை வழக்கின் தொடர்ச்சியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது உண்மை. ஆனால் அதே ரூல், வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே பேசிக்கொண்ட காலத்தை இது நீட்டாது என்றும் சொல்கிறது. ஆகவே உங்கள் இருவருக்குள் அளவுகோல் இந்தக் கடிதம்தான்.

இரண்டாவது வரி, 60,000. கையெழுத்துப் போடும்போது 25,000, சாட்சி விசாரணை தொடங்கும்போது 20,000, வாதத்துக்கு முன் 15,000 என்று பிரித்திருக்கிறார், இது நல்ல அமைப்பு. ஆனால் இது வக்கீல் பீஸ் மட்டும். கோர்ட் கட்டணம், சம்மன் பேட்டா, இடத்தைப் பார்வையிட அட்வகேட் கமிஷனர் போட்டால் அவருக்கான தொகை, சர்வேயர் செலவு, நகல் செலவு எல்லாம் வெளியே. எல்லைத் தகராறில் கமிஷனர் போடச் சொல்லி மனுப் போடுவது சாதாரணமாக நடக்கிற காரியம், அதனால் அந்தச் செலவு வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் முன்னால் உங்களிடம் கேட்பாரா, ரசீது தருவாரா என்று கடிதத்தில் இல்லை. கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆறாவது பத்தியின் கடைசி வாக்கியத்தையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். நடுவில் சமாதானமாகிப் போனாலும் மீதிப் பீஸ் முழுவதும் கொடுக்க வேண்டும் என்கிறது. முதல் வாய்தாவிலேயே பக்கத்துக்காரர் 'வேலியை எடுத்துடுறேன்' என்று வந்துவிட்டால், 25,000 கொடுத்த கையோடு இன்னும் 35,000 கொடுப்பீர்களா? எனக்கு இந்த வரி பிடிக்கவில்லை. சாட்சி விசாரணைக்கு முன் சமாதானமானால் முதல் தவணையோடு சரி என்று மாற்றித் தரக் கேளுங்கள், பெரும்பாலான வக்கீல்கள் ஒத்துக்கொள்வார்கள். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அது உங்கள் பணம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது வரி. 15 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து இருவரில் யார் வேண்டுமானாலும் விலகலாம் என்பது சரி, அதாவது அவரும் விலகலாம். தொடங்கிவிட்ட கட்டத்தின் பீஸ் திரும்ப வராது என்றும் இருக்கிறது. ஆனால் பார் கவுன்சில் விதி ஒன்று இருக்கிறது: வக்கீல் தானாக விலகினால் போதிய காரணம் வேண்டும், போதிய அவகாசம் கொடுக்க வேண்டும், உழைத்துச் சம்பாதிக்காத பகுதிப் பீஸைத் திருப்ப வேண்டும். கடிதத்தில் 'திரும்பத் தரப்படாது' என்று இருப்பதால் மட்டும் அந்த விதி போய்விடாது. அப்புறம், நீங்கள் நோட்டீஸ் கொடுத்த மாத்திரத்தில் கோர்ட்டில் அவர் பெயர் போய்விடாது. கோர்ட் அனுமதியோடு எழுத்தில் தாக்கல் செய்தால்தான் வக்காலத்து முடியும். அந்த 15 நாளுக்குள் வாய்தா விழுந்தால் யார் ஆஜராவது என்பதைக் கடிதம் சொல்லவில்லை. இதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் யாரும் போகாத வாய்தாவில்தான் இடைக்காலத் தடை கைவிட்டுப் போகும்.

அப்பாவுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'முன்சீப் கோர்ட்டில், வேலியில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு கேட்கும் உறுத்துக்கட்டளை வழக்கும் இடைக்காலத் தடை மனுவும், தீர்ப்பு நாள் வரை. அப்பீல், நிறைவேற்று மனு, தாலுகா ஆபீஸ், போலீஸ் தனி. பீஸ் 25 + 20 + 15 ஆயிரம், செலவுகள் இதற்கு மேல். சமாதானமானாலும் மீதி கேட்பார், இதை மாற்றச் சொல்லியிருக்கிறோம். இரு பக்கமும் 15 நாள் எழுத்து நோட்டீஸ், தொடங்கிய கட்டத்துப் பணம் வராது. கேட்க வேண்டியவை: செலவு ரசீது, நோட்டீஸ் காலத்தில் வாய்தா.'

இதை அப்படியே வக்கீலுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'நாங்க புரிஞ்சுக்கிட்டது இது சார், சரிதானே' என்று கேளுங்கள். அவர் 'சரி' என்று பதில் போட்ட பிறகு கையெழுத்து.

மண்டபத்திலிருந்து ஒரு படகு உரிமையாளர்: படகு விற்ற பாக்கிக்குப் பணக் கேஸ். வக்கீல் வாய்தாவுக்கு 1,500 என்று எழுதியிருக்கிறார். மொத்தமாகப் பேசுவதைவிட இது லாபம்தானே அண்ணே?

கேஸ் எத்தனை வாய்தா ஓடும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் லாபம் என்று இப்போதே சொல்ல முடியாது. பதினைந்து வாய்தா போனால் 22,500, நாற்பது போனால் 60,000. அதைவிட முக்கியம், எது வாய்தா என்பது. நீதிபதி லீவு, எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது, வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு என்று ஒன்றும் நடக்காமல் தேதி மட்டும் மாறுகிற நாட்களுக்கும் 1,500 உண்டா? உங்கள் கடிதத்தில் 'ஒவ்வொரு ஆஜருக்கும்' என்று மட்டும் இருக்கிறது, அப்படியானால் உண்டு என்றுதான் அர்த்தம். வேலை நடந்த வாய்தாவுக்கு முழுத்தொகை, வெறும் தேதி மாறின நாளுக்குக் குறைந்த தொகை அல்லது ஒன்றுமில்லை, எல்லாம் சேர்த்து இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஓர் உச்சவரம்பு. இந்த இரண்டையும் எழுதி வாங்கினால் வாய்தாக் கணக்கில் பயம் இல்லை. அடுத்த வாய்தா தேதியையும் அன்று என்ன நடந்தது என்பதையும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் கேஸ் எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம், பில் வரும்போது ஒப்பிட வசதி.

தொண்டியிலிருந்து: கிழக்குக் கடற்கரைச் சாலையில் என் தம்பிக்கு விபத்து, கால் முறிவு. முன்பணம் வேண்டாம், நஷ்டஈடு வந்ததும் 15 சதவீதம் போதும் என்று ஒப்பந்தம் நீட்டுகிறார்கள். கையில் காசில்லாத எங்களுக்கு இது உதவிதானே?

உதவி மாதிரி இருக்கும், ஆனால் இந்தியாவில் வக்கீல் இப்படி வாங்கக் கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. 2017-ல் உச்ச நீதிமன்றமும் சதவீதப் பீஸ் கேட்பது தொழில் நெறிக்கும் பொதுக் கொள்கைக்கும் விரோதம் என்று சொல்லிவிட்டது. நடைமுறையில் இது நடக்கவில்லை என்று நான் சொன்னால் ராமநாதபுரம் கோர்ட் வாசலில் டீக்கடைக்காரர் கூடச் சிரிப்பார்.

ஒரு தொகையை ரூபாயில் பேசுங்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் அதுதான். தேதி குறித்துத் தவணையில் கொடுக்கலாம், அதில் தடை இல்லை. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். பேரம் பேசிக்கொண்டே நாளைக் கடத்தவும் வேண்டாம், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: வக்கீலை மாற்ற நினைக்கிறோம். பாக்கியைத் தீர்த்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார். கடிதத்திலும் 'பீஸ் முழுதும் தீரும் வரை ஆவணங்கள் ஆபீசிலேயே இருக்கும்' என்று எழுதியிருக்கு, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்.

போட்டிருந்தாலும் கவலை வேண்டாம். பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, கேட்டும் கொடுக்காமல் இருப்பது தொழில் ஒழுங்கீனம் என்றும். பாக்கி இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கலாம், உங்கள் மூலப் பத்திரத்தை அடமானம் மாதிரி வைத்திருக்க முடியாது.

முதலில் பதிவுத் தபாலில், என்னென்ன ஆவணம் கொடுத்தோம் என்று வரிசையாக எழுதித் திருப்பிக் கேளுங்கள், கூடவே இதுவரை வாங்கிய பணத்துக்குக் கணக்கும் கேளுங்கள். கேட்டால் கணக்கு நகல் தர வேண்டியது அவர் கடமை. புது வக்கீல் வரப் பழையவரின் சம்மதம் வேண்டும், அவர் தராவிட்டால் காரணம் சொல்லிக் கோர்ட்டிடம் அனுமதி கேட்கலாம், அதனால் அந்தச் சம்மதத்தையே பிணையாக வைத்து மிரட்டினால் பயப்படாதீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள், முடியாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சாயல்குடியிலிருந்து: கடிதமெல்லாம் இல்லை. 'இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா' என்று குமாஸ்தா நிரப்பாத வக்காலத்து ஒன்றைத் தந்தார். போடலாமா?

கோர்ட் பெயர், கட்சிக்காரர்கள் பெயர், எந்த வழக்கு என்பதையெல்லாம் நிரப்பச் சொல்லிவிட்டுப் போடுங்கள். அச்சடித்த வக்காலத்தில் உங்கள் சார்பில் சமாதானம் பேசவும், கோர்ட்டில் கட்டிய பணத்தை வாங்கவும் அதிகாரம் கொடுக்கும் வரிகள் பொதுவாகவே இருக்கும், வேண்டாம் என்றால் அவற்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வையுங்கள். பீஸ் பற்றி அதில் ஒரு எழுத்தும் இருக்காது, அதைத் தனித்தாளில் வாங்குங்கள். பீஸ் கொடுக்கவே முடியாத நிலை என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி கேட்க உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், போனில் கேட்க 15100.