கயிறு குறைந்தால் களஞ்சியப் பொறுப்பாளர் கடனாளியா?

கேள்வி: திருகோணமலையில் மீன்பிடி உபகரணங்கள் மொத்தமாக விற்கும் தனியார் கம்பனி நடத்துகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பகுதிச் சரக்கை மட்டும் எண்ணுவோம். பெப்ரவரியில் எண்ணியபோது நைலோன் கயிறு 240 கிலோ குறைந்தது. கிளார்க் 360,000 ரூபாவைக் களஞ்சியப் பொறுப்பாளரின் பெயரில் கடனாகப் போட்டுவிட்டார். மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கலாமா? கணக்காய்வாளர் வேறு, மார்ச் 31இல் எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்கிறார். இது சட்டமா?

பதில்: கழிக்க வேண்டாம். கழிக்கத் தொடங்கியிருந்தால் இந்த மாதமே நிறுத்துங்கள். காரணம் நீங்கள் அனுப்பிய பிரதிகளிலேயே இருக்கிறது.

கயிற்றின் வரவையும் போக்கையும் களஞ்சியத்தில் எழுதிவரும் பின் காட் அட்டையையும் டெலிவரி நோட் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளி மாலை கிண்ணியா வாடிக்கையாளருக்கு 160 கிலோ லொறியில் போயிருக்கிறது. டெலிவரி நோட்டில் வாங்கியவரின் கையொப்பமும் உண்டு. ஆனால் இன்வொய்ஸ் திங்கட்கிழமைதான் கணினியில் ஏறியது. நீங்கள் எண்ணியது இடையில் வந்த சனிக்கிழமை. சரக்கு வெளியே போய்விட்டது, பேரேடு அதை இன்னும் உள்ளே வைத்திருந்தது. எனவே அந்த 160 கிலோ குறைவல்ல, விற்பனை.

அடுத்தது விலை. ஒரு கிலோவின் கொள்விலை 1,200 ரூபா, விற்பனை விலை 1,500. கிளார்க் 1,500ஆல் பெருக்கியிருக்கிறார். விற்காத சரக்குக்கு இலாபம் சேர்த்து ஒருவர் தலையில் கட்ட முடியாது. இருப்பு பேரேட்டில் கொள்விலையில்தான் நிற்கிறது, குறைந்தாலும் அதே விலையில்தான் குறையும். ஆக உண்மையில் விளக்கமில்லாதது 80 கிலோ, 96,000 ரூபா. 360,000 எங்கே, இது எங்கே!

சனிக்கிழமையே 240 கிலோவையும் கணினியில் குறைத்தார்கள் அல்லவா? திங்களன்று இன்வொய்ஸ் ஏறியதும் அதே 160 கிலோ இரண்டாம் முறை குறைந்தது. இடையில் யாரும் திருத்தாவிட்டால், அடுத்த முறை கயிற்றை எண்ணும்போது சரியாக 160 கிலோ கூடுதலாக வரும். ஒரு முறை குறைவாகவும் அடுத்த முறை அதே அளவு கூடுதலாகவும் வந்தால் திருடனைத் தேடாதீர்கள், திகதியைத் தேடுங்கள்.

இப்போது செய்ய வேண்டிய பதிவு சிறியது. களஞ்சியப் பொறுப்பாளர் பெயரில் உள்ள 360,000ஐ முழுதாக மாற்றிப் போடுங்கள். கணினியில் கயிற்றின் அளவில் 160 கிலோவை மட்டும் மீண்டும் சேருங்கள். திங்கள் இன்வொய்ஸ் அதை ஏற்கெனவே வெளியேற்றிவிட்டது. மீதி 96,000ஐ இருப்பு இழப்பு என்ற செலவுக் கணக்கில் பற்று வைத்து, இருப்புக் கணக்கில் வரவு வையுங்கள். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இருப்பு இழப்பை அது நேர்ந்த காலத்தின் செலவாகவே காட்டச் சொல்கிறது. ஒருவர் ஒப்புக்கொள்ளாத, நீதிமன்றமும் தீர்க்காத தொகையை அவர் தரவேண்டிய கடனாக எழுதினால், இழப்பைச் சொத்தாக வேடம் போட்டு ஒளித்ததாகும்.

சம்பள விடயம்: 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ், அனுமதிக்கப்படாத கழிவை முதலாளி தன்னிச்சையாகச் செய்ய முடியாது. அவர் தொழில் திணைக்களத்துக்குப் போனால் உங்களிடம் காட்ட ஒன்றும் இராது. 80 கிலோவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுங்கள், பதிலை வாங்குங்கள், தேவையானால் விசாரணை வையுங்கள். பொலிசுக்கு ஓடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி தண்டனைச் சட்டக்கோவையின் 391ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு நேர்மையற்ற எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். வெறும் எண்ணிக்கை வித்தியாசம் அதைக் காட்டாது. வெட்டி விற்கும் கயிற்றில் தராசுப் பிழையும் இருக்கலாம், களஞ்சியத் திறப்பு வேறு யார் கையிலாவது இருந்திருக்கலாம்.

மார்ச் 31 பற்றி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், 148ஆம் பிரிவில், நிதிநிலையை நியாயமான துல்லியத்தோடு காட்டும் பதிவேடுகளைக் கேட்கிறது. கடையை மூடி ஒரே நாளில் எண்ணு என்று அது கட்டளையிடவில்லை. ஆனால் கணக்காய்வாளர் தன்பாட்டுக்குப் பிடிவாதம் பிடிக்கவுமில்லை. இருப்பு பெரிய தொகையாக இருந்தால், எண்ணும்போது நேரில் நிற்க வேண்டும் என்பது கணக்காய்வு நியமம் 501. வேறொரு திகதியில் எண்ணினாலும் அவர் ஏற்கலாம், அந்தத் திகதிக்கும் ஆண்டு முடிவுக்கும் இடையிலான வரத்தையும் போக்கையும் சரிபார்க்க முடிந்தால். சனிக்கிழமை எண்ணிக்கையை அவர் நம்ப, ஒவ்வொரு பொருளும் ஆண்டில் ஒரு முறையாவது எண்ணப்பட்டிருக்க வேண்டும், திருத்துவதற்கு முந்திய எண்ணிக்கைத் தாள்கள் கையொப்பத்தோடு இருக்க வேண்டும், வித்தியாசத்தை அனுமதிப்பவர் களஞ்சியத்துக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும்.

பெப்ரவரிப் பதிவைப் பார்த்த எவரும் உங்கள் முறையை இந்த ஆண்டு நம்பமாட்டார். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். ஆகவே இம்முறை முழுதாக எண்ணிவிடுங்கள். அன்று லொறி ஏற்றாதீர்கள். எண்ணத் தொடங்குமுன் கடைசி டெலிவரி நோட்டின் இலக்கத்தையும் கடைசி இன்வொய்ஸின் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, கணக்காய்வாளரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள்.